அறிவிப்பு 2,545 ரூபாய், வியாபாரி கொடுத்தது 1,900: இடையில் இருப்பது என்ன?

வடுவூர்ப் பிள்ளை

எங்கள் வீட்டில் இந்தக் குறுவையில் சன்ன ரகம் போட்டிருந்தோம். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,389 ரூபாய், அதற்கு மேல் மாநில அரசின் ஊக்கத்தொகை 156 ரூபாய், ஆகக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்று 2025–26 பருவத்துக்கு அறிவித்தார்கள். அப்பாவோ வயலிலேயே வியாபாரியை வரவழைத்து 1,900 ரூபாய்க்குப் போட்டுவிட்டார். கேட்டால் "நீ வந்து களத்தில் காவல் படுத்துப் பார்" என்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன், சண்டை போடவும் முடியவில்லை. ஒரு குவிண்டாலுக்கு 645 ரூபாயை விட்டுக்கொடுப்பது என்ன கணக்கு? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

செங்கதிர்

இதில் விளக்க என்ன இருக்கிறது? ஆதரவு விலைக்குக் கீழே வாங்குவதே சட்டப்படி குற்றம். அந்த வியாபாரி மீது புகார் கொடுக்க வேண்டும். சுவாமிநாதன் ஆணையம் சொன்னபடி செலவுக்கு மேல் பாதி சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்று மேலே மார்தட்டுகிறார்கள், கீழே விவசாயி கொள்ளை போகிறான். கொள்முதல் நிலையம் பக்கத்திலேயே இருந்தும் உங்கள் அப்பா ஏன் போகவில்லை என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

தம்பி செங்கதிர், உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் சட்டம் அப்படி இல்லை. கரும்புக்கு 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. ஆலை அந்த விலைக்குக் கீழே வாங்கக் கூடாது. நெல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆதரவு விலை என்பது "யாரும் வாங்காவிட்டால் நான் இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று அரசு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வாக்கு. தனியார் 1,900க்கு வாங்கினால் புகார் கொடுக்க இடமே இல்லை.

செலவுக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2025–26 பருவத்துக்கு வேளாண் செலவு, விலை ஆணையம் எடுத்துக்கொண்ட செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். அதன் ஒன்றரை மடங்குதான் 2,369, சாதாரண ரகத்தின் விலை. விதை, உரம், கூலி, வீட்டார் உழைப்பு, குத்தகைக்கு எடுத்திருந்தால் கொடுத்த குத்தகை எல்லாம் அதில் அடங்கும். சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பும் சொந்த நிலையான முதலுக்கான வட்டியும் அடங்காது. அவற்றையும் சேர்த்து அதன்மேல் பாதி வேண்டும் என்பதுதான் விவசாயச் சங்கங்களின் பழைய வழக்கு. ஆகவே "கொடுத்துவிட்டோம்" என்பதும் "கொடுக்கவே இல்லை" என்பதும் வேறு வேறு செலவுகளை வைத்துப் பேசுவது.

வடுவூர்ப் பிள்ளைக்கு இப்போது பதில். முப்பது வருஷத்துக்கு மேல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுதியவன் நான். அந்த 2,545 ரூபாய் எந்த நெல்லுக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகாத நெல்லுக்கு. உங்கள் அப்பா விற்றது எத்தனை சதவீதத்தில்?

வடுவூர்ப் பிள்ளை

அறுவடை இயந்திரம் கொட்டியது கொட்டியபடி. அன்று காலைதான் மழை விட்டிருந்தது. அப்பா 22 இருக்கும் என்கிறார்.

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

அப்படியானால் 645 ரூபாய் வித்தியாசம் என்பதே தவறான ஒப்பீடு. 22 சதவீத ஈரத்தில் நூறு கிலோ நெல் என்றால் அதில் காய்ந்த பொருள் 78 கிலோ. அதே நெல்லை 17க்குக் கொண்டுவந்தால், அந்த 78 கிலோ மொத்தத்தில் 83 பங்காக நிற்க வேண்டும். எடை சுமார் 94 கிலோ ஆகிவிடும். ஆறு கிலோ தண்ணீர் ஆவியாகப் போகிறது. வியாபாரி அந்தத் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டுத்தான் 1,900 கொடுத்திருக்கிறார்.

ஒரு ஏக்கரில் 24 குவிண்டால் ஈர நெல் என்று வைத்துக்கொள்வோம். வயலிலேயே விற்றால் 45,600 ரூபாய், அன்றைக்கே கையில். காயவைத்தால் 22.56 குவிண்டால், 2,545 வீதம் 57,415 ரூபாய். வித்தியாசம் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே. இதிலிருந்து காயவைக்கும் ஆள் கூலி, தார்ப்பாய் வாடகை, டிராக்டர் வாடகை என்று மூவாயிரத்து ஐந்நூறு போகும் என்று சுமாராக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்நிலம்

ஐயா, மூட்டைக்குக் கொடுக்கும் பணத்தை விட்டுவிட்டீர்களே. அதை உங்கள் வாயால் சொல்ல மாட்டீர்கள் போலிருக்கிறது.

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

சொல்கிறேன் அம்மா, மறைக்க ஒன்றுமில்லை. 22.56 குவிண்டால் என்பது 40 கிலோ மூட்டையில் 56 மூட்டை. மூட்டைக்கு 40 ரூபாய் என்று வாங்கினால் 2,240 ரூபாய். எடையில் மூட்டைக்கு ஒரு கிலோ கூடப் போனால் 56 கிலோ நெல், அது 1,425 ரூபாய். ஆக மீதி சுமார் 50,250. வயலில் விற்றதைவிட 4,650 ரூபாய் அதிகம். ஈர நெல் குவிண்டாலுக்கு 195 ரூபாய்கூட இல்லை. அதற்காக மூன்று நாளோ பத்து நாளோ களத்தில் காத்திருக்க வேண்டும், இடையில் ஒரு மழை வந்தால் அதுவும் போச்சு. உங்கள் அப்பா போட்ட கணக்கு இதுதான் தம்பி. ஏமாறவில்லை; மழைக்குப் பயந்து விற்றிருக்கிறார்.

அந்த மாமூலை நான் நியாயப்படுத்தவில்லை. சுமை தூக்குபவருக்குக் கூலி குறைவு, பருவக்காலப் பணியாளருக்கு ஊதியம் குறைவு, கிடங்கில் எடை குறைந்தால் எழுத்தர் தலையில் கட்டுகிறார்கள். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் நடவடிக்கை எடுத்தால் ஒரு மாதம் நிற்கும், மறு மாதம் திரும்பி வரும்.

கோவில்நிலம்

என் கதையையும் கேளுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் கோயில் நிலம் மூன்று மா குத்தகை. என் மாமனார் பெயரில் இருந்தது, அவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை. நிலையத்துக்குப் போனால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கேட்கிறார்கள். அடங்கல் என் பெயரில் வராது. அதனால் ஒரு பட்டாதாரர் பெயரில் போட்டு, பணம் அவர் கணக்கில் விழுந்து, அவர் எடுத்துக்கொடுக்கும் நாளில்தான் என் பணம். அவர் நல்லவர், ஒரு பைசா தொடமாட்டார். ஆனால் பணம் விழுந்த நாளில் அவருடைய பயிர்க்கடனுக்கு வங்கி பிடித்துக்கொண்டது. அதைத் திரும்ப வாங்க அடுத்த நடவு வந்துவிட்டது. விலையை 3,000 ஆக்கினாலும் எனக்கு என்ன லாபம் சொல்லுங்கள்.

செங்கதிர்

அக்கா, இதற்குத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். சாகுபடி செய்பவர் யாரோ அவருக்கே விலை என்று சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கோவில்நிலம்

சட்டம் வந்தால் அதற்கும் ஒரு சான்று கேட்பார்கள் தம்பி. அந்தச் சான்றில் என் பெயர் இருக்காது.

மயிலாப்பூர் மாமி

நான் விவசாயி இல்லை, குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். விவசாயிக்கு 1,900தான் கிடைக்கிறது என்றால் கிலோ 19 ரூபாய். நான் பொன்னி அரிசி 60 ரூபாய்க்குக் குறைந்து வாங்கியதே இல்லை. நடுவில் 41 ரூபாயை யார் சாப்பிடுகிறார்கள்? ரேஷனில் அரிசி இலவசமாகக் கொடுக்கிறார்கள், கடையில் மட்டும் ஏன் ஏறுகிறது? அரசு வாங்கிய அரிசியைக் கடைக்கு விட்டால் விலை இறங்காதா?

அரவைக்காரன்

அக்கா, நெல்லும் அரிசியும் வேறு. நூறு கிலோ நெல்லில் அரிசி நூறு கிலோ வராது. அரசுக் கணக்கே புழுங்கலுக்கு 68 கிலோ, பச்சைக்கு 67 கிலோ. நீங்கள் கேட்கும் பொன்னி போலக் கல் நீக்கி, கறுப்பு பொறுக்கி, குருணை சலித்து, மெருகேற்றினால் இன்னும் குறையும். ஈர நெல் 1,900 என்றால் காய்ந்த கணக்கில் அது 2,020 ஆகிவிடும். அரிசியாக்கும்போது கிலோ முப்பது ரூபாயைத் தாண்டுகிறது. அதன்மேல் அரவை, கரண்ட், லாரி, மொத்தக் கடை, சில்லறைக் கடை. தவிடும் உமியும் எங்களுக்கு வருமானம் என்பதை மறைக்கவில்லை.

ஆனால் முக்கியமான விஷயம் இது: குறுவையில் இங்கே விளையும் நெல்லில் பெரும்பகுதி உங்கள் சமையலறைக்கு வருவதில்லை. ஆடுதுறை 36, ஆடுதுறை 37, கோ 51 எல்லாம் நிலையத்துக்குப் போய் ரேஷனுக்குப் போகிற ரகங்கள். நீங்கள் கடையில் வாங்கும் பழைய பொன்னியின் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறது. ஆறு மாதம் ஒரு வருஷம் கிடங்கில் வைத்துப் பழசாக்கியது. அந்த வைப்புக்கு வட்டி ஓடுகிறது. இரண்டும் ஒரே சந்தை அல்ல.

இன்னொன்று சொல்கிறேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பையில் அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள். மறு வாரமே ஊரெங்கும் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. உங்கள் வீட்டு மூட்டையைப் பாருங்கள்.

மயிலாப்பூர் மாமி

பார்த்தேன். 26தான்! இத்தனை நாள் ஒரு கிலோ சலுகை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அரசிடம் அரிசி நிறைய இருக்கிறதா இல்லையா?

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

மலைபோல் இருக்கிறது அம்மா. ஜூலை முதல் தேதிக்கு மத்தியத் தொகுப்பில் இருக்க வேண்டிய அரிசி 135 லட்சம் டன். 2025 ஜூலையில் அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. அரிசி வாங்கி, அரைத்து, ஏற்றி, கிடங்கில் வைத்துக் காப்பாற்றக் கிலோவுக்கு ஏறக்குறைய 40 ரூபாய் ஆகிறது. அதில் ஒரு பகுதியை எத்தனால் ஆலைகளுக்கு 22 ரூபாய் 50 காசுக்கு விற்றார்கள்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் டெல்டா நெல்லை ஏன் வாங்க வேண்டும்" என்று சிலர் கேட்பார்கள். அந்தக் குவியல் நம் நெல் இல்லை. பஞ்சாப், ஹரியானா, சத்தீஸ்கர், தெலங்கானா போன்ற மாநிலங்களில் தங்கள் ரேஷன் தேவைக்கு மேல் கொள்முதல் ஆகிறது. உபரி அங்கிருந்து வருகிறது. நாம் 2002 அக்டோபரிலிருந்து பரவலாக்கப்பட்ட கொள்முதலில் இருக்கிறோம். நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கி, இங்கேயே அரைத்து, இங்கேயே ரேஷனில் கொடுக்கிறது. அது போதாமல் இந்திய உணவுக் கழகத்திலிருந்தும் வாங்குகிறோம். அந்த உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965இல் தஞ்சாவூரில்தான் திறந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

கடைக்கு விட்டால் விலை இறங்குமா என்றால், ஓரளவு இறங்கும், அந்தத் தர அரிசிக்கு மட்டும். நீங்கள் கேட்கும் பழைய பொன்னிக்கு இறங்காது. 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தார்கள், அடுத்த மாதம் புழுங்கலுக்கு 20 சதவீத வரி. உள்நாட்டு விலையைப் பிடிக்கத்தான். 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. அந்த ஒரு வருஷத்துக்கு மேல் உங்கள் பக்கம் ஏற்றம் கொஞ்சம் தணிந்திருக்கலாம். விற்பவர் பக்கம் வியாபாரி கொடுக்கும் விலையும் அடங்கித்தான் இருந்தது. ஆதரவு விலை கீழே தாங்குகிறது, ஏற்றுமதித் தடை மேலே அமுக்குகிறது, இரண்டையும் செய்வது ஒரே அரசு.

செங்கதிர்

சரி, ஈரப்பதத்துக்கு வருவோம். மழையில் அறுத்த நெல் 17க்கு வராது என்று தெரிந்தும் ஏன் அந்த வரம்பு? 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு ஒவ்வொரு முறையும் கேட்கிறது. மத்தியக் குழு வருகிறது, நெல்லை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போகிறது, உத்தரவு வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடுகிறது. நெல்லை வாங்கி அரசே உலர்த்திக்கொள்ளக் கூடாதா?

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

இதில் நீங்கள் பாதி சரி. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஆறு கிலோ யார் கணக்கில் என்பதுதான் சண்டை. 22 ஈரத்தில் நூறு கிலோ வாங்கினால் அரவைக்கு 94 கிலோதான் நிற்கும். அதில் 68 சதவீதம் என்றால் 64 கிலோ அரிசிக்கும் குறைவு. மத்திய அரசு கேட்பதோ 68 கிலோ. குவிண்டாலுக்கு நான்கு கிலோ அரிசி துண்டு விழும். விலையைக் குறைத்து வாங்கினால் விவசாயி தாங்க வேண்டும். குறைக்காமல் வாங்கினால் மாநிலம் தாங்க வேண்டும். அரவைக்காரர் தலையில் கட்டினால் அவர் வேறெங்கோ ஈடு செய்வார், என்னைக் கேட்காதீர்கள் எங்கே என்று.

எடை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஈர நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கினால் உள்ளே சூடு ஏறும். மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியும், புளித்த வாடை வரும். பிறகு அரிசி மஞ்சளாகிவிடும், ஓரத்து மூட்டைகளில் முளையே விடும். சேதமடைந்தது, நிறம் மாறியது, முளைத்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லையே தள்ள வேண்டும்.

அரவைக்காரன்

ஐயா சொல்வது சரிதான், ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. புழுங்கல் ஆலையில் நாங்கள் எப்படியும் நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்துகிறோம். 22 ஈரத்தில் வந்த நெல் மறுநாளே தொட்டிக்குள் போனால் ஒரு கெடுதலும் இல்லை. அதனால்தான் வியாபாரிகள் மழையிலும் வாங்குகிறார்கள். கெடுவது காத்திருப்பதால். நிலையத்தில் வாங்கிய மூட்டை லாரி இல்லாமல் ஒரு வாரம், திறந்தவெளிக் கிடங்கில் தார்ப்பாய்க்குக் கீழே பல மாதம், பிறகு அரவை. 2025 அக்டோபரில் பார்த்தீர்களே, நிலையங்களில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. அப்போது நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ செறிவூட்டிய அரிசி கலக்க வேண்டியிருந்தது; அதற்கான ஒப்புதல் தாமதமானதால் அரவை தள்ளிப்போனது என்றது மாநில அரசு. லாரி போகவில்லை என்றால் இடம் இல்லை, இடம் இல்லை என்றால் கொள்முதல் இல்லை. ஈரப்பதக் கருவியைப் பார்த்து எல்லோரும் சண்டை போடுகிறோம், அடைப்பு லாரியில் இருக்கிறது.

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

புழுங்கல் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடைக் கணக்கு உங்கள் தொட்டியில் கரைந்துவிடாது. மறுநாளே அவித்தாலும் அந்த ஆறு கிலோ தண்ணீர் தண்ணீர்தான்.

அரவைக்காரன்

கரையாது. அதனால்தான் வியாபாரி 1,900 கொடுக்கிறார், 2,545 கொடுக்கவில்லை. ஆனால் தண்ணீருக்காகக் குறைக்க வேண்டியது 150 ரூபாய். மீதியைக் குறைப்பது மழையும் அவசரமும். 22க்கு இவ்வளவு, 20க்கு இவ்வளவு என்று ஈரத்துக்கு ஏற்ற விலைப்பட்டியலை நிலையத்திலேயே ஒட்டி, எந்த ஈரமானாலும் அன்றே எடுத்துக்கொண்டால் எந்த வியாபாரியும் 1,900 சொல்ல முடியாது.

கோவில்நிலம்

ஈரத்துக்கு ஏற்ற விலை என்று பலகை எழுதி வைத்தால், காய்ந்த நெல்லையும் 22 என்று எழுதிவிடுவார்கள். கருவி அவர்கள் கையில். எங்கள் ஊரில் ஒரே குவியலை காலையில் 19 என்றார்கள், மாலையில் 17 என்றார்கள். இடையில் நெல் காய்ந்ததா, வேறு எதுவும் நடந்ததா என்று நான் சொல்லத் தேவையில்லை.

அரவைக்காரன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா.

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

கருவி பொய் சொல்லாமலும் வித்தியாசம் வரும். குவியலின் மேல்தோல் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். மூன்று இடத்தில், அதிலும் ஓரிடம் அடியிலிருந்து, உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். போகும் முன் நீங்களே ஒரு நெல்லை உமி நீக்கிக் கடித்துப் பாருங்கள்; நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பயத்தில் தார்ச் சாலையில் போட்டு 14 வரை காயவைத்துவிடுகிறார்கள். 17க்குக் கீழே எவ்வளவு இறக்கினாலும் விலை ஒரு ரூபாய் ஏறாது. ஆனால் 17இல் நூறு கிலோவாக இருந்தது 14இல் 96 கிலோ சொச்சம். குவிண்டாலுக்குத் தொண்ணூறு ரூபாய் நெல்லை வெயிலுக்குத் தானம் செய்ததாக ஆகும், உள்ளே அரிசியும் விரிசல் விட்டுக் குருணை கூடும். இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை காலால் கிளறிவிட்டு, 16, 17இல் நிறுத்திவிடுங்கள்.

வடுவூர்ப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. இந்தக் கணக்கை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். "195 ரூபாயா? இந்த ஆள் மழையைக் கணக்கில் சேர்க்கவில்லை" என்றார். தாளடி பிப்ரவரியில் அறுவடை. அப்போது மழை இருக்காது. நிலையத்துக்குப் போகலாமா, அல்லது வியாபாரியே நல்ல விலை கொடுப்பாரா?

அரவைக்காரன்

என்ன ரகம்?

வடுவூர்ப் பிள்ளை

பாதி பிபிடி, பாதி சிஆர் 1009.

அரவைக்காரன்

பிபிடியை அவசரப்பட்டு நிலையத்தில் போடாதீர்கள். அது கடை அரிசி, மாமி வீட்டுக்குப் போவது. காய்ந்த நெல்லாக இருந்தால் நல்ல வருஷத்தில் தனியாரே ஆதரவு விலைக்கு மேல் கொடுப்பார்கள். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். சிஆர் 1009 மோட்டா ரகம், அதற்கு ஊக்கத்தொகை சேர்த்து நிலையம் கொடுக்கும் 2,500தான் உங்களுக்குப் பாதுகாப்பு. தை மாசி வெயிலில் இரண்டு நாளில் 17க்கு வந்துவிடும்.

பட்டியல் எழுத்தர் (ஓய்வு)

முன்பதிவை மட்டும் அறுவடைக்கு முன்பே செய்துவிடுங்கள். அடங்கலில் இந்தப் போகத்துப் பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஜனவரியிலேயே பார்க்கச் சொல்லுங்கள். குறுவைப் பதிவு அப்படியே கிடந்தால் கடைசி நாளில் திருப்பி அனுப்புவார்கள்.

கோவில்நிலம்

அப்படியே என் மாமனார் பெயர் எப்போது மாறும் என்றும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.